தலை எண்ணிக்கையும் சரி, மொத்தத் தொகையும் சரி. ஆனால் ஒருவருக்கு பி.எஃப் போகவில்லை: எக்செல் லுக்கப் அதை எப்படிக் கண்டுபிடிக்கும்?

உங்கள் நிறுவனத்தில் 8 பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பர் மாதத்துக்கான ஊழியர் பட்டியல் ஹெச்.ஆர். வைத்திருக்கும் ஷீட்டில் இருக்கிறது. அதே மாதத்துக்கு வருங்கால வைப்பு நிதி செலுத்தத் தயாரான பட்டியல் இன்னொரு ஷீட்டில் இருக்கிறது. இரண்டிலும் 8 பேர். பி.எஃப் கணக்கிடப்படும் சம்பளத்தின் கூட்டுத்தொகையும் இரண்டிலும் 1,14,000 ரூபாய்தான். அப்போ எல்லாம் சரிதானே?

இல்லை. இந்த 8 பேரில் ஒருவரின் சம்பளத்தில் பணம் பிடிக்கப்பட்டிருக்கிறது, ஆனால் அவர் பெயர் பி.எஃப் பட்டியலில் இல்லை. இன்னொருவருக்கு 1,000 ரூபாய் குறைத்துக் கணக்கிடப்பட்டிருக்கிறது. வேலையை விட்டுப் போன ஒருவர் பி.எஃப் பட்டியலில் இன்னும் இருக்கிறார். நான்காவதாக ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. சாதாரண லுக்கப் போட்டால் அது "சரி" என்றே காட்டும். கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால் இந்த நான்கில் ஒன்றுகூடத் தெரியாது. காரணம், ஒரு பிழையின் கூடுதல் இன்னொரு பிழையின் குறைவை ஈடுகட்டிவிட்டது.

ஒவ்வொருவராகப் பொருத்திப் பார்ப்பதுதான் ஒரே வழி. 8 பேர் என்றால் கண்ணாலேயே பார்த்துவிடலாம். 800 பேர் என்றால் லுக்கப் ஃபார்முலாதான் துணை. எப்படி என்று இந்தச் சின்ன உதாரணத்தை வைத்தே பார்ப்போம்.

இரண்டு ஷீட்டிலும் என்ன இருக்கிறது?

முதல் ஷீட்டின் பெயர் `HR`. அதில் A நெடுவரிசையில் ஊழியர் எண், B-யில் பெயர், C-யில் 12 இலக்க யுஏஎன், D-யில் சம்பளம். இரண்டாவது ஷீட்டின் பெயர் `PF`. அதில் A-யில் யுஏஎன், B-யில் பெயர், C-யில் பி.எஃப் கணக்கிடப்பட்ட சம்பளம். இரண்டிலும் முதல் வரிசை தலைப்பு. தகவல் 2-ஆம் வரிசையில் தொடங்கி 9-ஆம் வரிசையில் முடிகிறது.

யுஏஎன் எண்ணின் கடைசி 3 இலக்கங்களை மட்டும் இங்கே தருகிறோம். முதல் 9 இலக்கங்கள் எல்லோருக்கும் ஒன்றே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

`HR` ஷீட்:

| ஊழியர் எண் | யுஏஎன் முடிவு | சம்பளம் |
|---|---|---|
| E101 | 214 | 15,000 |
| E102 | 387 | 14,000 |
| E103 | 452 | 15,000 |
| E104 | 519 | 13,500 |
| E105 | 903 | 12,000 |
| E106 | 640 | 22,000 |
| E107 | 452 | 15,000 |
| E108 | 871 | 14,500 |

`PF` ஷீட்:

| யுஏஎன் முடிவு | பி.எஃப் சம்பளம் |
|---|---|
| 126 | 13,000 |
| 214 | 15,000 |
| 387 | 14,000 |
| 452 | 15,000 |
| 519 | 12,500 |
| 640 | 15,000 |
| 768 | 15,000 |
| 871 | 14,500 |

E106-இன் சம்பளம் 22,000. ஆனால் பி.எஃப் பட்டியலில் 15,000 என்று இருக்கிறது. இது தவறு அல்ல. பி.எஃப்-க்கான சம்பள உச்சவரம்பு 2014 செப்டம்பரில் 6,500 ரூபாயிலிருந்து 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நிறைய நிறுவனங்கள் அந்த வரம்புவரை மட்டுமே கணக்கிட்டுச் செலுத்துகின்றன. `HR` ஷீட்டில் இவருக்கு 15,000 என்று எடுத்துக்கொண்டால்தான் மேலே சொன்ன 1,14,000 வரும்.

பெயரை வைத்துப் பொருத்தினால் என்ன?

நிறைய பேர் முதலில் செய்வது அதைத்தான். ஆனால் தமிழ்ப் பெயர்களில் அது சீக்கிரமே சிக்கலாகிவிடும். ஒரு ஷீட்டில் இன்ஷியல் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும். ஒன்றில் இன்ஷியலுக்குப் பின் புள்ளி இருக்கும், இன்னொன்றில் அப்பாவின் முழுப்பெயரே இருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே பெயருக்கு மூன்று ஸ்பெல்லிங் வரும். எக்செல்லுக்கு இவை எல்லாம் வேறு வேறு ஆட்கள். போதாக்குறைக்கு, ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் லுக்கப் முதல் ஆளோடு நின்றுவிடும்.

அதனால் ஆளுக்கு ஒன்றாக இருக்கும் எண்ணை வைத்துப் பொருத்த வேண்டும். இங்கே அது யுஏஎன். பெயரைத் தூக்கி எறிய வேண்டாம். பொருத்தியது சரியா என்று பார்க்க அது கடைசியில் சாட்சியாக வரும்.

எண் கண்ணெதிரே இருக்கிறது, எக்செல் மட்டும் இல்லை என்கிறதே?

லுக்கப் போட்டவுடன் எட்டு பேருமே "இல்லை" என்று வந்தால் பதற வேண்டாம். எட்டு பேரும் ஒரே மாதத்தில் காணாமல் போக மாட்டார்கள். எண்கள் இரண்டு ஷீட்டிலும் வேறு வேறு வகையில் பதிவாகியிருக்கலாம் என்பதற்கான அறிகுறி அது.

பி.எஃப் செலுத்தப் பயன்படும் இசிஆர் ஒரு டெக்ஸ்ட் ஃபைல். அதை எக்செல்லில் திறந்தால் யுஏஎன் பெரும்பாலும் எண்ணாக வந்து உட்காரும். ஹெச்.ஆர். ஷீட்டிலோ அதை எழுத்தாக டைப் செய்து வைத்திருப்பார்கள். செல்லின் மூலையில் சின்னப் பச்சை முக்கோணம் தெரியும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் எக்செல்லின் லுக்கப் ஃபார்முலாக்களுக்கு எண் வேறு, எண் போலத் தெரியும் எழுத்து வேறு. இன்னொரு தொல்லை, இணையப் பக்கத்திலிருந்தோ மெயிலிலிருந்தோ காப்பி செய்யும்போது ஒட்டிக்கொண்டு வரும் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி.

இரண்டையும் கண்டுபிடிக்கச் சின்னச் சோதனை உண்டு. காலியான ஒரு செல்லில் இவற்றைப் போட்டுப் பாருங்கள், `PF` ஷீட்டில் மட்டும் C2-க்குப் பதில் A2 என்று போடுங்கள்.

```
=ISNUMBER(C2)
=LEN(C2)
```

முதலாவது ஒரு ஷீட்டில் TRUE, இன்னொரு ஷீட்டில் FALSE என்று வந்தால் வகை வேறுபடுகிறது. இரண்டாவது 12 என்று வர வேண்டும். 13 வந்தால் எங்கோ ஒரு இடைவெளி ஒளிந்திருக்கிறது. நம் உதாரணத்தில் E102-க்கு அப்படித்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

மூலத் தகவலைக் கைவைத்துத் திருத்த வேண்டாம். பக்கத்தில் சுத்தமான ஒரு நெடுவரிசையை உருவாக்குங்கள். `HR` ஷீட்டின் E2-இல் இதைப் போட்டுக் கீழே வரை இழுங்கள்.

```
=SUBSTITUTE(SUBSTITUTE(C2,UNICHAR(160),"")," ","")
```

இணையத்திலிருந்து வரும் இடைவெளியின் குறியீடு 160. உள்ளே இருக்கும் பகுதி அதை நீக்குகிறது, வெளியே இருப்பது சாதாரண இடைவெளியை நீக்குகிறது. இந்த ஃபார்முலா தரும் விடை எப்போதுமே எழுத்தாகத்தான் இருக்கும். அதனால் எண்ணாக இருந்த யுஏஎன்னும் எழுத்தாக மாறிவிடும். `PF` ஷீட்டின் E2-இல் C2-க்குப் பதில் A2 என்று போட்டு இதையே செய்யுங்கள். இப்போது இரண்டு E நெடுவரிசைகளும் ஒரே மொழியில் பேசும்.

ஹெச்.ஆர். பட்டியலில் இருப்பவர் பி.எஃப் பட்டியலில் இருக்கிறாரா?

`HR` ஷீட்டின் F2-இல் இந்த ஃபார்முலா:

```
=XLOOKUP(E2,PF!$E$2:$E$9,PF!$C$2:$C$9,"PF-ல் இல்லை")
```

அதாவது, E2-இல் உள்ள யுஏஎன்னை எடு. `PF` ஷீட்டின் E நெடுவரிசையில் தேடு. கிடைத்தால் அதே வரிசையில் C-யில் உள்ள சம்பளத்தைக் கொடு. கிடைக்காவிட்டால் "PF-ல் இல்லை" என்று எழுது. அவ்வளவுதான்.

டாலர் குறிகளை விட்டுவிடாதீர்கள். அவை இல்லாவிட்டால், ஃபார்முலாவைக் கீழே இழுக்க இழுக்கத் தேடும் பகுதியும் சேர்ந்து கீழே நகரும். கடைசி வரிசைக்குப் போகும்போது பட்டியலின் மேல்பாதி தேடலிலேயே இருக்காது. ஷீட்டின் கீழ்ப்பகுதியில் மட்டும் நிறைய "இல்லை" வந்தால் முதலில் டாலர் குறியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் 365, எக்செல் 2021 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால்தான் XLOOKUP வேலை செய்யும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் 2016 அல்லது 2019 இருந்தால் இதைப் பயன்படுத்துங்கள். விடை ஒன்றுதான்.

```
=IFNA(INDEX(PF!$C$2:$C$9,MATCH(E2,PF!$E$2:$E$9,0)),"PF-ல் இல்லை")
```

அடுத்து G2-இல் வித்தியாசத்தைக் கணக்கிடுவோம்.

```
=IF(ISNUMBER(F2),MIN(D2,15000)-F2,F2)
```

F2-இல் எண் இருந்தால், சம்பளம் அல்லது 15,000, இரண்டில் குறைவானதை எடுத்து அதிலிருந்து பி.எஃப் சம்பளத்தைக் கழிக்கும். எண் இல்லையென்றால் F2-இல் இருப்பதை அப்படியே காட்டும். உங்கள் நிறுவனம் முழுச் சம்பளத்துக்கும் பி.எஃப் கட்டுகிறது என்றால் MIN தேவையில்லை, D2 மட்டும் போதும். உச்சவரம்பு மாறினால் அந்த 15000-ஐ மாற்ற வேண்டும்.

G நெடுவரிசையில் ஃபில்டர் போட்டு 0-வை நீக்கிப் பாருங்கள். இரண்டு பேர் மிஞ்சுவார்கள். E104-க்கு 1,000 என்று வருகிறது. E105-க்கு "PF-ல் இல்லை" என்று வருகிறது.

VLOOKUP போதாதா?

போதும், சுத்தமான யுஏஎன் நெடுவரிசையைச் சம்பள நெடுவரிசைக்கு இடப்பக்கம் வைத்து, கடைசியில் FALSE போட்டால். அதை விட்டுவிட்டால் எக்செல் சரியான பொருத்தத்தைத் தேடாது. கிட்டத்தட்டப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். நம் உதாரணத்தில் `PF` பட்டியல் யுஏஎன் ஏறுவரிசையில் இருக்கிறது. 903-இல் முடியும் E105-ஐ அப்படித் தேடினால், அதற்குக் கீழே உள்ள பெரிய எண்ணான 871-இல் போய் நிற்கும். அது E108. அவருடைய 14,500 ரூபாய் E105-க்கு எதிரே வந்து உட்காரும். வித்தியாசம் மைனஸ் 2,500 என்று காட்டும்.

ஆளே இல்லை என்ற பெரிய விஷயம், தொகையில் ஏதோ சின்னக் குழப்பம் என்று மாறிவிடும். எந்த எர்ரரும் வராது என்பதுதான் இதில் மோசம். MATCH-இன் கடைசியில் உள்ள 0-வை விட்டாலும் இதே கதைதான். XLOOKUP-இல் சரியான பொருத்தமே இயல்பு என்பதால் இந்தப் பிரச்னை இல்லை.

இதேபோல் #N/A வந்தால் அசிங்கமாக இருக்கிறது என்று IFERROR போட்டு 0 வரவைப்பவர்களும் உண்டு. நாம் தேடுவதே அந்த #N/A-வைத்தான். அது தப்பு அல்ல, பதில். மேலும் IFERROR எல்லா எர்ரரையும் விழுங்கிவிடும். ஷீட் அழிந்துபோனால் வரும் #REF!-கூட வெளியே தெரியாது. IFNA என்றால் "கிடைக்கவில்லை" என்பதை மட்டும் பிடிக்கும்.

ஒரு பக்கம் பார்த்தால் போதுமா?

போதாது. `HR` ஷீட்டிலிருந்து தேடினால் `HR`-இல் இருப்பவர்களைப் பற்றி மட்டுமே தெரியும். பி.எஃப் பட்டியலில் கூடுதலாக யாராவது இருந்தால் அவர் பெயர் இந்தத் தேடலில் வரவே வராது. அதனால் திருப்பிப் போட்டும் ஒருமுறை தேட வேண்டும். `PF` ஷீட்டின் F2-இல்:

```
=XLOOKUP(E2,HR!$E$2:$E$9,HR!$A$2:$A$9,"HR-ல் இல்லை")
```

இரண்டு பேர் "HR-ல் இல்லை" என்று வருகிறார்கள். ஒருவர் 126. வேலையை விட்டுப் போனவர். அவருடைய 13,000-தான் E105-இன் 12,000 இல்லாததையும், E104-இல் குறைந்த 1,000-ஐயும் சேர்த்து மறைத்திருக்கிறது. கூட்டுத்தொகை ஒத்துப்போன ரகசியம் இதுதான்.

இன்னொருவர் 768. இவர் யார்? ஆகஸ்டிலேயே போனவரா, போலி ஊழியரா? அவசரப்பட வேண்டாம். அடுத்த சோதனையில் தெரிந்துவிடும்.

"சரி" என்று வந்ததும் தவறாக இருக்க முடியுமா?

முடியும். `HR` ஷீட்டின் H2-இல் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்.

```
=COUNTIF($E$2:$E$9,E2)
```

ஒவ்வொரு யுஏஎன்னும் பட்டியலில் எத்தனை முறை வருகிறது என்று இது எண்ணும். எல்லோருக்கும் 1 வர வேண்டும். ஆனால் E103-க்கும் E107-க்கும் 2 வருகிறது. இருவருக்கும் 452 என்ற ஒரே எண். யாரோ காப்பி செய்து ஒட்டும்போது மேலே உள்ளவரின் எண்ணையே கீழேயும் ஒட்டியிருக்கிறார்கள். இருவருக்கும் சம்பளம் 15,000 என்பதால் E107-க்கும் வித்தியாசம் 0 என்று வந்தது. உண்மையில் E107-இன் யுஏஎன் 768. "HR-ல் இல்லை" என்று நின்ற அந்த மர்ம மனிதர் இவர்தான்.

இங்கேதான் பெயர் சாட்சிக்கு வருகிறது. XLOOKUP-இல் C-க்குப் பதிலாக B நெடுவரிசையைக் கேட்டு, பி.எஃப் பட்டியலில் உள்ள பெயரையும் பக்கத்தில் வரவையுங்கள். E107-க்கு எதிரே E103-இன் பெயர் வந்து நிற்கும். ஸ்பெல்லிங், இன்ஷியல் வேறுபாட்டை எல்லாம் மனிதக் கண் மன்னித்துவிடும். ஆளே வேறு என்றால் உடனே உறுத்தும்.

COUNTIF-ஐ யுஏஎன்னுக்கு நம்பலாம். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணுக்கு நம்பாதீர்கள். எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாகப் பார்க்கும். கடைசி இலக்கம் மட்டும் வேறுபடும் இரண்டு கணக்குகளை COUNTIF ஒன்றாக எண்ணிவிடும். அப்படிப்பட்ட எண்ணை எண் வடிவில் டைப் செய்தால் 16-ஆவது இலக்கமே 0 ஆகிவிடும்.

ஃபைலை சேமிக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

12 இலக்க எண்ணை எக்செல் சாதாரணமாக `1.00E+11` என்ற மாதிரிச் சுருக்கிக் காட்டும். உள்ளே முழு எண்ணும் பத்திரமாக இருக்கிறது, காட்சிதான் அப்படி. ஆனால் அந்த நிலையிலேயே சிஎஸ்வி ஃபைலாகச் சேமித்தால், கண்ணுக்குத் தெரிவதுதான் ஃபைலில் எழுதப்படும். மீதி இலக்கங்கள் போனது போனதுதான். எனவே சேமிக்கும் முன் அந்த நெடுவரிசையின் ஃபார்மேட்டை தசமம் இல்லாத எண்ணாகவோ டெக்ஸ்டாகவோ மாற்றி, 12 இலக்கமும் தெரிகிறதா என்று பாருங்கள்.

வித்தியாசம் கிடைத்துவிட்டது. யார் பக்கம் தவறு?

அதை லுக்கப் சொல்லாது. இரண்டு ஷீட்டும் ஒத்துப்போகவில்லை என்பது வரைதான் அதன் வேலை. எது சரி என்று தீர்மானிக்க மூன்றாவதாக ஒரு ஆவணம் வேண்டும்.

E104 சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தால் 12,500 என்பதே சரியாக இருக்கலாம். வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். விடுப்பு எதுவும் இல்லையென்றால் 1,000 ரூபாய்க்கு 12 சதவீதமாக 120 ரூபாய் அவர் பங்கிலும், அதே அளவு நிறுவனத்தின் பங்கிலும் குறைந்திருக்கிறது.

126 செப்டம்பரில் சில நாட்கள் வேலை செய்துவிட்டுப் போயிருந்தால் பி.எஃப் பட்டியல்தான் சரி. ஹெச்.ஆர். ஷீட் மாதக் கடைசி நாளில் இருந்தவர்களை மட்டும் காட்டுகிறது, பி.எஃப் பட்டியல் அந்த மாதம் சம்பளம் வாங்கியவர்களைக் காட்டுகிறது. அதனால் ஒப்பிடும் முன்பே இரண்டு பட்டியலும் எந்தத் தேதிக்கு எடுக்கப்பட்டவை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

E105-க்கு அப்படி எந்த விளக்கமும் இல்லை. ஊதியச் சீட்டில் 12,000-க்கு 12 சதவீதமாக 1,440 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். நிறுவனமும் அதே அளவு சேர்க்க வேண்டும். ஆக, மாதம் 2,880 ரூபாய் அவர் கணக்குக்குப் போகவில்லை. செப்டம்பர் சம்பளத்துக்கான தொகையை அக்டோபர் 15-க்குள் செலுத்த வேண்டும். அதற்குள் கண்டுபிடித்தால் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும். தாண்டிவிட்டால் நிறுவனம் வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும்.

இதில் பணம் மட்டும் இல்லை. பி.எஃப் உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால், அதனோடு இணைந்த காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பட்டியலில் பெயரே இல்லாதவரின் குடும்பம் அதைக் கேட்டு அலைய வேண்டிவரும்.

நீங்கள் ஹெச்.ஆர். பக்கம் இல்லை, சம்பளம் வாங்கும் பக்கம் என்றால் உங்களுக்கு ஃபார்முலாவே தேவையில்லை. ஊதியச் சீட்டில் பிடித்த தொகையையும், இபிஎஃப்ஓ பாஸ்புக்கில் அந்த மாதத்துக்கு வரவான தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புது வேலையில் சேர்ந்த முதல் இரண்டு மூன்று மாதங்களில் இதைக் கட்டாயம் செய்யுங்கள். பட்டியலில் விடுபட அதிக வாய்ப்புள்ளவர் E105 போலப் புதிதாகச் சேர்ந்தவர்தான்.